இனி இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்றார்கள்: வார்ஃபரினை விட்டுப் புதிய மாத்திரைக்கு மாறிய பிறகு எழுந்த ஐயங்கள்

வைப்பாறு, 3 மார்ச் 2025, காலை 6:40

என் அம்மாவுக்கு 81 வயது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோய்க்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை ஏழு ஆண்டுகள் சாப்பிட்டார். வால்வில் கோளாறு எதுவும் இல்லை. கடந்த ஓராண்டாக, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 1.4 வரை இறங்குவதும் ஐந்தைத் தொடுவதுமாக இருந்ததால், சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ரிவரோக்சபான் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். "இனி இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை, கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொன்னார்கள். முருங்கைக்கீரை திரும்பக் கிடைத்ததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் அமைதியடையவில்லை. ஏழு ஆண்டுகளாக ஒரு எண்ணைப் பார்த்தே மருந்தின் அளவைத் தீர்மானித்து வந்தோம். இப்போது அந்த எண் இல்லாமல், மருந்து வேலை செய்கிறதா, கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்பதை எதைக் கொண்டு அறிவது? உண்மையிலேயே எந்தப் பரிசோதனையும் வேண்டாமா?

ஈசானமூலை, 3 மார்ச் 2025, காலை 9:15

பரிசோதனை வேண்டாம் என்பதுதானே இந்த மாத்திரைகளின் சிறப்பே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். என் தந்தை இதே வகையைச் சேர்ந்த அபிக்சபான் சாப்பிடுகிறார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.5ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு 1.6 வந்ததும் ஐந்து மில்லிகிராமை 2.5 ஆக்கச் சொல்லி நானே மருத்துவரிடம் எடுத்துச் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். அம்மாவின் கிரியாட்டினின் என்ன என்று பாருங்கள். 1.5க்குக் கீழே இருந்தால் கவலையை விடுங்கள்.

வைப்பாறு, 3 மார்ச் 2025, மாலை 7:05

அறிக்கையைத் தேடி எடுத்தேன். கிரியாட்டினின் 1.1. அதன் கீழே, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இ.ஜி.எஃப்.ஆர். 50 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இயல்பான அளவுகளுக்கான கட்டத்துக்குள்தான் கிரியாட்டினின் இருக்கிறது. அப்படியானால் சிறுநீரகம் பற்றிய பேச்சு எங்களுக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மல்லிகைப்பந்தல், 3 மார்ச் 2025, இரவு 10:20

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனை மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். இந்த மாத்திரைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை, இப்போது நீங்கள் எழுதிய அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

வயது முதிர்ந்து தசை கரைந்த ஒருவரின் உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. ஆகவே சிறுநீரகம் பாதிக்குமேல் தளர்ந்திருந்தாலும் அறிக்கையில் 1.1 என்ற சாதுவான எண்ணே வரும். ஆய்வகம் அச்சிடும் இ.ஜி.எஃப்.ஆர். அதை ஓரளவு சரிசெய்கிறது என்றாலும், அது 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் உடலை மனத்தில் வைத்துக் கணக்கிடப்படுவது. உங்கள் அம்மா அதைவிடச் சிறிய உடல்வாகு உடையவராக இருந்தால் அந்த 50 மிகைப்பட்ட எண். இந்த மாத்திரைகளின் அளவுகளைத் தீர்மானித்த பெரிய ஆய்வுகள் அனைத்திலும் சிறுநீரகத்தை அளந்தது 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் கொடுத்த பழைய வாய்பாட்டைக் கொண்டுதான். எனவே நாமும் அதையே போட்டுப் பார்க்க வேண்டும்:

```
(140 − வயது) × எடை (கிலோ) ÷ (72 × கிரியாட்டினின்)
பெண்களுக்கு, வந்த விடை × 0.85
```

அம்மாவின் எடையைச் சொல்லுங்கள். பழைய சீட்டில் உள்ள எடை வேண்டாம். இந்த வாரம் நிறுத்துப் பார்த்த எடை வேண்டும்.

வைப்பாறு, 4 மார்ச் 2025, காலை 6:10

எடை 58. கணக்குப் போட்டேன்: 59ஐ 58ஆல் பெருக்கி, 79.2ஆல் வகுத்தால் 43 வருகிறது. அறிக்கையின் ஐம்பதுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லையே.

வைப்பாறு, 4 மார்ச் 2025, மாலை 6:30

காலையில் எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு தவறுகள் செய்திருக்கிறேன். 58 கிலோ என்பது மூன்றாண்டுகளுக்கு முந்தைய சீட்டில் இருந்தது. நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அதையேதான் எடுத்திருக்கிறேன். இன்று பள்ளி முடிந்து வந்ததும் அரிசிக் கடைத் தராசில் அம்மாவை நிறுத்தினோம், 52 கிலோதான் இருக்கிறார். அடுத்து, பெண்களுக்கான 0.85ஐப் பெருக்க மறந்துவிட்டேன். மீண்டும் போட்டால் 59 × 52 × 0.85 ÷ 79.2, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர். காலையில் பார்த்த 43 ஒரே நாளில் 33 ஆகிவிட்டது. ஆறு கிலோ எடை இழந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை என்பது தனியே உறுத்துகிறது.

மல்லிகைப்பந்தல், 4 மார்ச் 2025, இரவு 9:50

இப்போது பாருங்கள். ரிவரோக்சபானை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குக் கொடுக்கும்போது, இந்த எண் 15க்கும் 49க்கும் இடையில் இருந்தால் 20 மில்லிகிராம் அல்ல, 15 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 50 என்பதை மட்டும் பார்த்த ஒருவர் நூலிழையில் முழு அளவை எழுதிவிடுவார். வாய்பாட்டைப் போட்டவர் எழுதமாட்டார். நீங்களாக மாத்திரையை மாற்றவோ, உடைத்துக் கொடுக்கவோ வேண்டாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இதய மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி. மாத்திரையை எப்போது கொடுக்கிறீர்கள்?

வைப்பாறு, 5 மார்ச் 2025, காலை 5:55

விடியற்காலை ஐந்து மணிக்கு, காபிக்கு முன்பு, தைராய்டு மாத்திரையோடு சேர்த்து. ஏன்?

மல்லிகைப்பந்தல், 5 மார்ச் 2025, பிற்பகல் 1:30

ரிவரோக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகள் உணவோடு சென்றால்தான் முழுமையாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் கணிசமான பகுதி வீணாகும். அதாவது அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த அளவு அதிகம்; உடலுக்குள் சென்ற அளவோ எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அளவு குறைக்கப்பட்டு, அதே நாளில் உணவோடு கொடுப்பதும் தொடங்கினால், உள்ளே செல்லும் மருந்து முன்பைவிடக் கூடவும் செய்யலாம். இதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதே வகையைச் சேர்ந்த டாபிகட்ரானுக்கும் அபிக்சபானுக்கும் இந்த உணவு நிபந்தனை இல்லை.

ஈசானமூலை ஐயாவுக்கு: உங்கள் தந்தையின் வயதும் எடையும் என்ன?

ஈசானமூலை, 5 மார்ச் 2025, மாலை 4:45

72 வயது, 74 கிலோ. விதி எனக்கு நன்றாகவே தெரியும் அம்மா, 1.5 என்பதே எல்லை.

மல்லிகைப்பந்தல், 5 மார்ச் 2025, இரவு 11:00

எல்லை சரி ஐயா, ஆனால் விதியின் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அபிக்சபானைக் குறைக்க மூன்று அடையாளங்கள் உண்டு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இம்மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் மட்டுமே ஐந்து 2.5 ஆகும். உங்கள் தந்தைக்கு ஒன்று மட்டுமே பொருந்துகிறது. வாய்பாட்டைப் போட்டாலும் 68 × 74 ÷ 115.2, அதாவது 44 வருகிறது. அவருக்குரிய அளவு நாளுக்கு இரு முறை ஐந்து மில்லிகிராம். பாதி அளவால் இரத்தப்போக்கு பாதியாகிவிடும் என்று எண்ணித்தான் பலரும் குறைக்கிறார்கள். ஆனால் பக்கவாதத்தைத் தடுக்கும் என்று நிறுவப்பட்டது அந்த விதிப்படி கொடுத்த அளவு. அதற்குக் கீழே செல்லும்போது அந்தப் பாதுகாப்பைக் கோர நம்மிடம் சான்று இல்லை.

வைப்பாறு அவர்களின் அம்மாவைப் பாருங்கள். கிரியாட்டினின் 1.1தான். ஆனாலும் வயதும் எடையும் சேர்ந்து அவருக்கு அபிக்சபான் என்றால் 2.5தான் சரி. உங்கள் விதிப்படி பார்த்தால் அவருக்கு ஐந்தும் தந்தைக்கு 2.5ம் என்று நேர்மாறாக முடிந்திருக்கும்.

ஈசானமூலை, 6 மார்ச் 2025, காலை 8:20

நான்கு மாதங்களாகப் பாதி அளவில் இருக்கிறார், அதுவும் என் வற்புறுத்தலால். இன்றே மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். ஆயினும் ஒரு செய்தியில் என் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன். வார்ஃபரினுக்கு வைட்டமின் கே என்ற முறிமருந்து இருக்கிறது. இந்தப் புதியவற்றில் இரத்தம் கசிந்தால் நிறுத்த வழி இல்லை. அதனால் ஆபத்து என்று பார்த்தால் பழையதே பாதுகாப்பு.

கார்த்திகைப்பூ, 6 மார்ச் 2025, பிற்பகல் 2:10

இந்த உரையாடலை நேற்றிரவு முழுவதும் படித்தேன். எனக்கு 34 வயது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் இடத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி குத்திக் குத்திக் கை நரம்பே மறைந்துவிட்டது. என் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வாய்பாட்டில் 96 வருகிறது. ஆகவே முழு அளவு அபிக்சபானுக்கு நான் மாறிக்கொள்ளலாம் என்றுதானே பொருள்?

மல்லிகைப்பந்தல், 6 மார்ச் 2025, பிற்பகல் 2:35

வேண்டாம் அம்மா. இதை உடனே எழுதுவதற்காகவே வேலையிடையே வந்தேன். இங்கே நாங்கள் பேசுவது உலோக வால்வு இல்லாதவர்களைப் பற்றி. சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு இந்த மாத்திரைகள் பொருந்தா. உலோக வால்வுள்ளவர்களுக்கு டாபிகட்ரானைக் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வு, வால்வில் உறைவும் இரத்தப்போக்கும் இரண்டுமே அதிகமானதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013இல் வெளியானது. பின்னர் ஒரு வகை அயோர்ட்டிக் உலோக வால்வில் அபிக்சபானை முயன்ற ஆய்வும் உறைவு அதிகமானதால் முன்கூட்டியே முடிந்தது. உங்களுடையது மைட்ரல், அங்கே உறைவின் ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு வேளை கூட வார்ஃபரினை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கான ஐ.என்.ஆர். இலக்கும் வேறு, வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை.

வால்வு மாற்றாமல், ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு சுருங்கி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களுக்கும் இதுவே விடை. 4,500க்கும் மேற்பட்டோரைக் கொண்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வந்தது. ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. வார்ஃபரின் குழுவில் ஐ.என்.ஆர். எப்போதும் இலக்குக்குள் இல்லாமல் இருந்தும் அப்படி.

கார்த்திகைப்பூ, 6 மார்ச் 2025, மாலை 5:00

மாத்திரையை விடவில்லை. கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வது என்று இருந்தேன். ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் தெரிந்த ஏமாற்றம்.

இரவுப்பணி, 8 மார்ச் 2025, அதிகாலை 3:40

ஈசானமூலை அவர்களின் கடைசிக் கருத்துக்காக எழுதுகிறேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவனாக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் வந்த இருவரைப் பற்றிச் சொன்னால் விளங்கும்.

முதலாமவர் வார்ஃபரின் சாப்பிடுபவர், ஏறத்தாழ 60 கிலோ எடை. மூளையில் இரத்தக் கசிவு, ஐ.என்.ஆர். 5.6. இவருக்கு வைட்டமின் கே மட்டும் போட்டிருந்தால் இழந்திருப்போம். ஏனெனில் வைட்டமின் கே எதையும் உடனே சரிசெய்வதில்லை. கல்லீரல் அதைக் கொண்டு புதிய உறைபொருள்களைச் செய்து வெளியிட வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே உறைபொருள்களையே செறிவாக்கித் தயாரித்த பி.சி.சி. என்ற மருந்தை, கிலோவுக்கு 35 யூனிட் கணக்கில் 2,100 யூனிட் ஏற்றினோம். சிறிது நேரத்தில் எடுத்த ஐ.என்.ஆர். 1.3 வந்தது. கூடவே 10 மில்லிகிராம் வைட்டமின் கேயை மெதுவாக நரம்பில் செலுத்தினோம். பி.சி.சி.யின் வேலை ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடும், அதன் பிறகு தாங்குவது வைட்டமின் கே. பி.சி.சி. இல்லாத இடங்களில் பிளாஸ்மா ஏற்றுவார்கள். அதை உருக்கவும் ஏற்றவும் நேரம் செல்லும், இதயம் தளர்ந்தவர்களுக்கு அவ்வளவு நீர்மமே சுமையாகும்.

இரண்டாமவரை மகன் தூக்கி வந்தார். தலைச்சுற்றி விழுந்து தலையில் அடி. "இரத்தம் உறையாமலிருக்க ஒரு சிறிய மாத்திரை" என்பதற்கு மேல் மகனுக்கு எதுவும் தெரியவில்லை. ஐ.என்.ஆர். 1.2 வந்ததும் "உறைவதில் சிக்கலில்லை" என்று பணியிலிருந்த ஒருவர் எழுதிவிட்டார். சி.டி. ஸ்கேனில் கசிவு. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி அட்டையைப் படிக்கச் சொன்னபோதுதான் அபிக்சபான் என்று தெரிந்தது. அபிக்சபான் இரத்தத்தில் நிறைந்திருக்கும்போதும் ஐ.என்.ஆர். ஏறத்தாழ இயல்பாக இருக்கும். அந்தச் சோதனை இந்த மாத்திரையை அளக்க வந்ததன்று. சரியான சோதனை அந்தந்த மருந்துக்கென அளவீடு செய்யப்பட்ட ஆன்ட்டி-டென்-ஏ. இரவு பத்து மணிக்கு அதைச் செய்து தரும் ஆய்வகம் எங்கள் ஊரில் இல்லை. அதனால் நாங்கள் கேட்டது ஒன்றே: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு? இரவு ஏழரை என்றார்கள். மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம். பி.சி.சி. கொடுத்தோம்.

இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். வார்ஃபரினில் பி.சி.சி. இல்லாததை நிரப்புகிறது. அபிக்சபானில் உறைபொருள்கள் குறைந்திருக்கவில்லை, தடுக்கப்பட்டிருக்கின்றன; பி.சி.சி. அந்தத் தடையை நீக்குவதில்லை, மேலும் உறைபொருளை ஊற்றித் தடையை மீற முயல்கிறது. பலருக்குப் பயனளிக்கிறது, எல்லோருக்கும் அல்ல. அந்த மனிதர் பிழைத்தார்; இடக்கை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

வைப்பாறு, 8 மார்ச் 2025, மாலை 6:15

இதைப் படித்தபின் அட்டையில் எழுதத் தொடங்கினேன்: மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம். அம்மாவின் சேலை முந்தானையில் முடிந்து வைக்கச் சொல்லலாமா என்று தங்கை கேட்டாள். கழுத்துச் சங்கிலியில் உறையிட்டு மாட்டியிருக்கிறோம்.

வைட்டமின் கே ஊசி ஒன்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏழு ஆண்டுகளும் நம்பியிருந்தேன். புதிய மாத்திரைக்கும் அதுவே போதும் என்று நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மல்லிகைப்பந்தல், 8 மார்ச் 2025, இரவு 10:40

வைட்டமின் கே இவற்றில் எதையும் முறிக்காது. முறிமருந்தே இல்லை என்பதும் சரியன்று. டாபிகட்ரானுக்கென்றே இடாருசிசுமாப் இருக்கிறது; 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மொத்தம் ஐந்து கிராம், இரண்டு குப்பிகளாக. டாபிகட்ரானைப் பிடித்துக் கட்டிவிடும் எதிர்ப்புப்பொருள் அது. சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் ரிவரோக்சபானுக்கோ அபிக்சபானுக்கோ அதைக் கொடுத்தால் ஒன்றும் நடவாது. மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். அவ்விரண்டுக்குமான ஆண்டெக்சனெட் 2018இல் வந்தது. மூளைக் கசிவு உள்ளவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. கசிவு பெருகாமல் தடுப்பதில் அது வழக்கமான சிகிச்சையைவிட மேலாக இருந்தது. ஆனால் அடைப்பினால் வரும் பக்கவாதம் முதலிய உறைவுகள் கூடின, இறப்பிலும் நோயாளியின் செயல்திறனிலும் தெளிவான நன்மை தெரியவில்லை.

ஈசானமூலை ஐயா, "முறிமருந்து எளிது, ஆகவே வார்ஃபரின் பாதுகாப்பு" என்பதில் ஒரு படி விடுபடுகிறது. முறிக்க வேண்டிய நிலை எத்தனை முறை வருகிறது என்பதையும் எண்ண வேண்டும். இவற்றை வார்ஃபரினோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் நான்கையும் சேர்த்துப் பார்த்தால், மண்டைக்குள் கசிவது புதிய மாத்திரைகளில் வார்ஃபரினின் ஏறத்தாழ பாதி. குடலில் கசிவதோ சற்று அதிகம். அதில் அபிக்சபான் மற்றவற்றைவிட மென்மையானது.

ஈசானமூலை, 9 மார்ச் 2025, காலை 7:30

பாதி என்பதை அறியாதிருந்தேன். தந்தைக்கு மீண்டும் ஐந்து மில்லிகிராம், இரு வேளை. மருத்துவரும் கணக்கைப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

வைப்பாறு, 11 மார்ச் 2025, இரவு 8:25

இன்று இதய மருத்துவரைப் பார்த்தோம். தாளை முழுவதும் படித்தார். ரிவரோக்சபான் 15 என்று குறைப்பதும் சரியே, ஆனால் வெறும் வயிற்றில் கொடுக்கும் வழக்கத்தையும் எடை இழப்பையும் பார்த்து அபிக்சபான் 2.5, காலையும் இரவும் என்று மாற்றினார். ரிவரோக்சபானின் அடுத்த வேளை வரவேண்டிய நேரத்தில் இதைத் தொடங்கினால் போதும், இடைவெளி வேண்டாம் என்றார். வார்ஃபரினிலிருந்து மாறும்போது மட்டும்தான் ஐ.என்.ஆர். இரண்டுக்குக் கீழே இறங்கும்வரை அபிக்சபானுக்குக் காத்திருக்க வேண்டுமாம். சிறுநீரகத்தின் பங்கு அபிக்சபானில் கால் பகுதியைச் சற்றே தாண்டும், டாபிகட்ரானில் ஐந்தில் நான்கு பங்கு. அம்மாவின் 33க்கு டாபிகட்ரானை அவர் எண்ணிப் பார்க்கவே மாட்டார் என்றார்.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் விடை சொன்னார். வாய்பாட்டில் வரும் எண்ணைப் பத்தால் வகுத்தால் கிடைப்பதே கிரியாட்டினின் பரிசோதனைக்கான மாத இடைவெளி. அம்மாவுக்கு மூன்று மாதம். அதோடு ஹீமோகுளோபினும், எடையும். ஐ.என்.ஆர். போய்விட்டது, அதன் இடத்தில் இவை வந்திருக்கின்றன.

நெடுந்தூரம், 14 மார்ச் 2025, காலை 10:00

எனக்கு 79 வயது, ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியன். வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசினோகூமரால் ஒன்பது ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன். என் நோட்டில் கடந்த இரண்டு ஆண்டுகளின் ஐ.என்.ஆர். அனைத்தும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கின்றன, ஒன்று மட்டும் 3.2. இப்போது மகள் புதிய மாத்திரைக்கு மாறச் சொல்கிறாள். நான் நன்றாக நடக்கிறேன் என்றாலும் கீழே விழுந்ததுண்டு. மாறவேண்டியது கட்டாயமா?

மல்லிகைப்பந்தல், 14 மார்ச் 2025, இரவு 9:30

ஐயா, உங்களுக்கு ஒரு சொல்லில் விடை தர இயலாது. நெதர்லாந்தில் ஃபிரெயில்-ஏ.எஃப். என்ற ஆய்வில், வார்ஃபரின் வகையில் நிலையாக இருந்த, உடல் நலிந்த முதியவர்களில் ஒரு பாதியினரைப் புதிய மாத்திரைக்கு மாற்றினார்கள். மாறியவர்களிடம் இரத்தப்போக்கு அதிகமாயிற்று, உறைவு குறையவில்லை. அதனால் நலிந்த, ஐ.என்.ஆர். நிலையாக உள்ள ஒருவரை வசதிக்காக மட்டும் மாற்றக்கூடாது என்பது என் கருத்து.

இரவுப்பணி, 15 மார்ச் 2025, அதிகாலை 4:15

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் நலிந்தவர்கள்; நன்றாக நடமாடும் ஒருவருக்கு அதை அப்படியே பொருத்தலாமா என்பது ஐயம். அங்கே ஐ.என்.ஆரைக் கண்காணிக்கத் தனி மையங்களே இருக்கின்றன. நம் ஊரில் அவ்வளவு ஒழுங்கு எல்லோருக்கும் வாய்க்காது. கீழே விழுபவர் என்னிடம் வரும்போது, மண்டைக்குள் கசிவு பாதியாக உள்ள மருந்தில் அவர் இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றும். ஆனால் ஒன்பது ஆண்டுகள் இவ்வளவு நேராக ஓடிய ஒரு நோட்டைக் கலைக்கவும் எனக்குத் துணிவு இல்லை.

நெடுந்தூரம், 15 மார்ச் 2025, காலை 11:20

இருவரும் ஒத்துப்போகாததே எனக்குப் பயனாயிற்று. மகளிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு நோட்டைத் தொடர்கிறேன்.

வைப்பாறு, 2 மே 2025, இரவு 9:10

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். சென்ற வாரம் அம்மாவுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. கத்திரி வெயில் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலிக்கென்று பக்கத்துக் கடையில் டைக்ளோஃபினாக் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மயக்கம் போலிருந்ததால் தூக்கிச் சென்றோம். கிரியாட்டினின் 1.9. என் கணக்கில் 19 வந்தது.

முதல் எண்ணம், இரவு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பதுதான். கை வைக்காமல் மருத்துவரைக் கேட்டேன். அபிக்சபான் 2.5ஐ இந்த நிலையிலும் எச்சரிக்கையோடு தொடரலாம், 15க்குக் கீழே இறங்கினால் வேறு முடிவு எடுப்போம் என்றார். நிறுத்தியது இரத்த அழுத்தத்துக்கான லோசார்டானையும் நீர் மாத்திரையையும், டைக்ளோஃபினாக்கை அறவேயும். சலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.2.

மல்லிகைப்பந்தல், 3 மே 2025, காலை 7:00

சரியாகவே செய்திருக்கிறார்கள். ஒன்று மட்டும்: கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் அந்த வாய்பாடு பின்தங்கியே ஓடும். சிறுநீரகம் இன்று தளர்ந்ததைக் கிரியாட்டினின் ஓரிரு நாள் கழித்தே காட்டும். நீங்கள் 19 என்று கணக்கிட்ட நேரத்தில் உண்மை அதைவிடக் கீழே இருந்திருக்கலாம். அதனால்தான் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்தால் மூன்று மாதம் வரும்வரை காத்திருக்கக்கூடாது. டைக்ளோஃபினாக்கோ இரண்டு பக்கமும் கெடுத்தது: சிறுநீரகத்தையும் தாக்கியது, வயிற்றுப் புண்ணில் கசியவும் வழி செய்தது. முழங்காலுக்குப் பாராசிட்டமால் போதும். அம்மா இதே நிலையில் டாபிகட்ரான் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே விருப்பமில்லை.

கார்த்திகைப்பூ, 3 மே 2025, பிற்பகல் 12:15

அம்மா நலமடைந்தது அறிந்து மகிழ்ச்சி. என் ஐ.என்.ஆர். இம்மாதம் 2.9. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் கருவி இருக்கும் ஆய்வகம் ஒன்றை இங்கே கண்டுபிடித்திருக்கிறேன். நரம்பைத் தேட வேண்டியதில்லை.

ஈசானமூலை, 3 மே 2025, மாலை 6:50

தந்தைக்குக் காசநோய் இருக்குமோ என்று சளிப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். உறுதியானால் ரிஃபாம்பிசின் தொடங்குவார்களாம். அபிக்சபானோடு அது சேருமா?

மல்லிகைப்பந்தல், 3 மே 2025, இரவு 7:05

சேராது. ரிஃபாம்பிசின் அபிக்சபானை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றிவிடும். மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது போலாகும். அளவைக் கூட்டிச் சரிக்கட்டவும் இயலாது. பெரும்பாலும் வார்ஃபரினுக்குத் திரும்பி, அடிக்கடி ஐ.என்.ஆர். பார்த்து அளவை ஏற்றுவார்கள். ரிஃபாம்பிசின் வார்ஃபரினையும் பலமிழக்கச் செய்யும், ஆனால் அங்கே அதைக் காட்ட ஓர் எண் இருக்கிறது. முடிவு வந்த அன்றே, காசநோய் மருந்தின் முதல் வேளைக்கு முன்பாக, இதய மருத்துவரிடம் சொல்லுங்கள் ஐயா. முடிவு எப்போது வரும்?

ஈசானமூலை, 3 மே 2025, இரவு 7:20

செவ்வாய்க்கிழமை.